பேசாத குழுவும் நடக்காத தீர்மானங்களும்: ஒரு ரெட்ரோ அனுபவம்

2023 ஜூலையில், சோழிங்கநல்லூரில் உள்ள ஓர் அலுவலகத்தில், எட்டுப் பேர் கொண்ட மென்பொருள் குழு ஒன்றுக்கு ஸ்க்ரம் என்ற வேலைமுறையில் வழிநடத்தும் ஸ்க்ரம் மாஸ்டராகப் பொறுப்பேற்றேன். ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள், எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்யும் ஒரு புராடக்ட் ஓனர். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காகப் பணப் பரிவர்த்தனை சார்ந்த மென்பொருளை அவர்கள் உருவாக்கிப் பராமரித்துவந்தார்கள். வேலையை இரண்டு வாரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்வார்கள்; ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்பிரின்ட். அது முடியும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று குழு திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ. நான் நடத்திய முதல் ரெட்ரோ பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எது நன்றாக நடந்தது என்று கேட்டபோது ஒருவர் "டீம்வொர்க்" என்றார். எது சரியாக நடக்கவில்லை என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. நீண்ட அமைதிக்குப் பிறகு, குழுவின் மூத்த டெவலப்பர் "கம்யூனிகேஷன இன்னும் கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணலாம்" என்றார், எல்லோரும் தலையசைத்தார்கள். அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டோம். ஆறு மணி பத்து நிமிடத்துக்குத் தாம்பரம் போகும் கம்பெனி பஸ் புறப்பட்டுவிடும் என்பதால் எல்லோர் கண்ணும் கடிகாரத்தின் மேல் இருந்தது.

மறுவாரம், எனக்கு முன்பு நடந்த ஆறு ரெட்ரோக்களின் குறிப்புகளைத் தேடியெடுத்துப் படித்தேன். மொத்தம் பத்தொன்பது தீர்மானங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று விசாரித்ததில் மூன்றுதான் நடந்திருந்தன. "கோட் ரிவ்யூவை விரைவுபடுத்த வேண்டும்" என்பது நான்கு ரெட்ரோக்களில், சொற்கள் மட்டும் மாறி, திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தருவதுதான் கோட் ரிவ்யூ. நடந்த அந்த மூன்றையும் தனியே எடுத்துப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. மூன்றுமே ஒருவர் ஒரு நாளுக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைகள். மூன்றிலும் எழுதும்போதே ஒருவருடைய பெயர் இருந்தது. மற்ற பதினாறிலும் 'டீம்' என்றுதான் எழுதியிருந்தது.

அந்த வாரம் தேநீர் இடைவேளையில் டெஸ்டர்களில் இளையவரிடம், ரெட்ரோவில் ஏன் எதுவும் சொல்வதில்லை என்று கேட்டேன். கூச்சம் என்பார், ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "போன வருஷம் சொன்னேன் மேடம். எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அதே விஷயத்தை இன்னொரு தடவை சொன்னேன். மறுபடியும் எழுதிக்கிட்டாங்க." அதற்கு மேல் அவர் எதுவும் சேர்க்கவில்லை.

அந்தப் பதில்தான் நான் போட்டுவைத்திருந்த திட்டத்தை மாற்றியது. அமைதியான குழுவை முதலில் பேச வைக்க வேண்டும், பேச்சு வந்தால் நல்ல தீர்மானங்கள் வரும், தீர்மானங்கள் வந்தால் அவை நடக்கும் என்ற வரிசையில் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தக் குழுவில் கயிற்றின் மறுமுனையில்தான் முடிச்சு இருந்தது. சொன்னது எதுவும் நடக்கவில்லை என்பதால் அவர்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆகவே புதிதாக ஒன்றைக் கேட்பதற்கு முன், ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒன்றையாவது நடத்திக் காட்ட வேண்டியிருந்தது.

இரண்டாவது ரெட்ரோவில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நடக்காத பதினாறு தீர்மானங்களையும் அட்டைகளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். இன்றைக்கும் உங்கள் வேலையைத் தடுப்பது எதுவோ அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள், ஆளுக்கு இரண்டு புள்ளி என்றேன். யாரும் பேச வேண்டிய அவசியம் இல்லாததால் ஐந்து நிமிடத்தில் எல்லாப் புள்ளிகளும் விழுந்துவிட்டன. புள்ளியே விழாத ஒன்பது அட்டைகளை அவர்கள் கண்ணெதிரே கிழித்தேன். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யாருக்கும் வேண்டாத தீர்மானங்கள் பட்டியலில் கிடக்கும்வரை, வேண்டிய தீர்மானத்துக்கும் அதே கதிதான் என்று குழு எடுத்துக்கொள்கிறது. மீதி ஏழில், அதிகப் புள்ளி விழுந்ததை விட்டுவிட்டு, எளிதில் முடியக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். டெஸ்டர்கள் சோதித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது சோதனைச் சர்வரில் மென்பொருளின் புதிய வடிவத்தை, அதாவது புதிய பில்டை, ஏற்றிவிடுவார்கள். பாதி வேலை வீணாகும். ஏற்றுவதற்கு முன் குழுவின் சாட்டில் ஒரு செய்தி வந்தால் போதும் என்று அந்த இளைய டெஸ்டர்தான் கேட்டிருந்தார். ஒரு டெவலப்பர் முன்வந்து, பில்ட் பைப்லைனில் சில வரிகள் சேர்த்து, பில்ட் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு தானாகவே செய்தி போகும்படி செய்தார். திங்கட்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த முதல் செய்தி சாட்டில் வந்து விழுந்தபோது டெஸ்டர்கள் இருவரும் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் ரெட்ரோவின் வடிவத்தைத் தொட்டேன். முதலில் நேரம். வெள்ளி மாலையிலிருந்து வியாழன் காலை பதினொரு மணிக்கு மாற்றி, ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கினேன். ஸ்பிரின்ட் முடிய ஒன்றரை நாள் மிச்சமிருக்கும்போது நடத்துவது முறைப்படி சரியில்லை என்று சிலர் சொல்லலாம். ஸ்பிரின்டை முடித்துவைப்பதே ரெட்ரோதான் என்கிறது ஸ்க்ரம் கையேடு. ஆகவே நாங்கள் ஸ்பிரின்டையே வியாழன் மதியத்தோடு முடிக்கும்படி நகர்த்திக்கொண்டோம்.

அடுத்து மேலாளர். அவர் நல்ல மனிதர். ரெட்ரோவில் வந்து பின்னால் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அவர்தான் வருட இறுதியில் எல்லோருக்கும் மதிப்பெண் போடுகிறவர். அவர் இருக்கும் அறையில் "ரிவ்யூ தாமதமாகிறது" என்று ஒருவர் சொன்னால், யாரால் தாமதமாகிறது என்ற கேள்வி வாய்விட்டுக் கேட்கப்படாமலே அங்கே நிற்கும். நான் இதை ஊகமாகச் சொல்லாமல் ஒரு சிறு சோதனை செய்தேன். எட்டுப் பேரிடமும் ஒரே மாதிரியான துண்டுச் சீட்டைக் கொடுத்து, இந்த அறையில் மனதில் இருப்பதைச் சொல்ல முடியுமா என்பதற்கு ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணை மட்டும் எழுதச் சொன்னேன். எண் மட்டும் என்பதால் கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எட்டில் ஐந்து சீட்டுகளில் இரண்டோ அதற்குக் கீழோ இருந்தது. சீட்டுகளை மேலாளரிடம் காட்டவில்லை. ஐந்து பேர் என்பதை மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் வரல. ஆனா என்ன முடிவு பண்றீங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அது நியாயம். யார் எதைச் சொன்னார்கள் என்பது வெளியே போகாது, எடுத்த தீர்மானம் மட்டும் அவருக்கு அன்றே போகும் என்று ஒப்புக்கொண்டோம். அந்த ஒப்பந்தத்தைக் குழுவிடமும் அவரையே சொல்லச் சொன்னேன். நான் சொல்வதைவிட அவர் வாயால் வந்தால்தான் அதற்கு எடை.

பிறகு கேள்வி. எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டால் மக்கள் கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கருத்து யார் மேலாவது போய் விழும். அதனால் வெண்பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, ஸ்பிரின்டின் பத்து வேலை நாட்களையும் அதில் குறித்தேன். "எந்த நாளில், எதற்காக உங்கள் கை சும்மா காத்திருந்தது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஏழு நிமிடம் பேசாமல் எழுதச் சொன்னேன். ஓர் அட்டையில் ஒரு காத்திருப்பு. தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். குழுவில் ஒருவர் விஜயவாடாக்காரர். பேச்சு முழுக்கத் தமிழில் போனால் அவர் வெளியே நின்றுவிடுவார் என்பதால், அட்டைகளை நானே இரு மொழியிலும் வாசித்தேன். நான் வாசிப்பதில் இன்னொரு பயனும் இருந்தது: எழுதியவர் தன் குரலில் சொல்ல வேண்டியதில்லை. வாசித்ததும் எல்லோரிடமும் கேட்காமல், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்வேன். இருவராகப் பேசிய ஒன்றை, பிறகு அறையில் சொல்வது தனியே சொல்வதைவிட எளிது. 'நாங்க பேசிக்கிட்டோம்' என்று தொடங்கலாம். 'நான் நினைக்கிறேன்' என்று தொடங்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லி அழைத்துக் கேட்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். "நீங்க சொல்லுங்க" என்று ஒருவரைக் கேட்டால், "அவங்க சொன்னதுதான் எனக்கும்" என்ற பதில்தான் வரும். கேட்டவருக்குக் கேட்ட திருப்தி கிடைக்குமே தவிர வேறொன்றும் கிடைக்காது. அதைவிட, கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுவது உதவியது. முதல் சில முறை ஆறு, ஏழுக்குள் நானே பேசிவிட்டேன். எட்டு, ஒன்பதில்தான் பெரும்பாலும் ஒரு குரல் வந்தது.

அந்தக் கோட்டில் முதல் முறை விழுந்த அட்டைகள் பதினேழு. ஏழாவது, எட்டாவது நாட்களுக்கு மேலே அட்டைகள் குவிந்து கிடந்தன. முதல் நான்கு நாட்களுக்கு மேலே ஒன்றுதான். டெஸ்டர்கள் எழுதியது: சோதிக்க எதுவும் வரவில்லை. டெவலப்பர்கள் எழுதியது: ரிவ்யூவுக்குக் காத்திருந்தேன். எங்கள் வேலைகளைப் பதிவுசெய்து பின்தொடரும் ஜிராவைத் திறந்து பார்த்தோம். அந்த ஸ்பிரின்டில் ஸ்டோரிகள் எனப்படும் வேலைகள் பதினான்கு. அவற்றில் ஒன்பது, கடைசி இரண்டு நாளில்தான் டெஸ்டிங்குக்கு வந்திருந்தன. நான்கு முடியாமல் அடுத்த ஸ்பிரின்டுக்குப் போயிருந்தன.

பழைய வழக்கப்படி என்றால் இந்த இடத்தில் "ரிவ்யூவை விரைவுபடுத்த வேண்டும்" என்று ஐந்தாவது முறையாக எழுதியிருப்போம். அது தீர்மானம் ஆகாது. வேறு சொற்களில் சொன்ன புகார்தான். ஆகவே ஒரே ஒரு ஸ்டோரியை எடுத்து, அது ரிவ்யூவில் கழித்த இரண்டரை நாளை மணி மணியாகப் பின்னோக்கிப் பார்த்தோம். எழுதிய நிரலை மற்றதோடு இணைக்கக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் திறந்தது செவ்வாய் மாலை நான்கு மணிக்கு. அதைத் திறந்து பார்க்கவேண்டியவராகத் தானாகவே சேர்க்கப்பட்டவர் மூத்த டெவலப்பர். புதன் முழுவதும் அவர் வாடிக்கையாளரோடு கூட்டங்களில் இருந்தார். மற்ற யாரும் அதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று கேட்டேன். பத்து எண்ணினேன். அணியில் சேர்ந்து ஏழு மாதமே ஆன டெவலப்பர், மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாங்க அப்ரூவ் பண்ணாலும் மெர்ஜ் ஆகாது. ஃபைல்ல அண்ணா பேரு மட்டும்தான் இருக்கு."

அவர் சொன்னது, எங்கள் நிரலை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் உள்ள `CODEOWNERS` என்ற கோப்பை. எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று அதில் எழுதிவைத்தால், அந்தப் பகுதியை மாற்றும் புல் ரிக்வெஸ்ட் ஒவ்வொன்றுக்கும் அவரிடமே ரிவ்யூ தானாகக் கேட்கப்படும். அதோடு, பிரதானக் கிளைக்கான பாதுகாப்பு விதிகளில் பொறுப்பாளரின் ஒப்புதல் கட்டாயம் என்று தேர்வு செய்திருந்தால், வேறு எத்தனை பேர் ஒப்புதல் தந்தாலும் இணைக்க முடியாது. எங்கள் கோப்பில் இருந்தது ஒரே வரி. பெயரை மட்டும் மாற்றித் தருகிறேன்.

```
*    @lead-dev
```

மூன்று வருடத்துக்கு முன்பு, குழுவில் இரண்டே பேர் இருந்த காலத்தில் எழுதப்பட்ட வரி. அது இருப்பது அந்த இளைஞருக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரியும். சொன்னால், "அண்ணனால்தான் எல்லாம் தாமதம்" என்று பொருள்பட்டுவிடும் என்பதால் சொல்லவில்லை. மூத்தவருக்கோ, அந்த வரியை எழுதியதே மறந்துவிட்டது. எல்லோரும் தன்னையே ரிவ்யூ கேட்கிறார்கள், மற்றவர்கள் பொறுப்பெடுத்துக்கொள்வதில்லை என்று அவர் இத்தனை நாளும் மனதுக்குள் வருந்தியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டிலிருந்து ரிவ்யூ செய்துகொண்டிருந்தவர் அவர். "இதைச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. நான்கு ரெட்ரோக்களில் எழுதப்பட்ட தீர்மானம் ஏன் நடக்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. எல்லோரும் விரைவாக ரிவ்யூ செய்ய ஒப்புக்கொண்டிருந்தாலும், அந்த ஒரு வரி இருக்கும்வரை அது நடந்திருக்கவே முடியாது.

தீர்மானத்தை எழுதுவதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். இருபது நிமிடத்துக்கு மேல். ஒன்று மட்டும் எடுப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மூத்தவர் தானே செய்துவிடுவதாகச் சொன்னார். நான் தடுக்கவில்லை, ஆனால் அந்த இளைஞர் "நான் பண்றேன்" என்றார், அதுவே பொருத்தமாக இருந்தது. அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்: நாளைக் காலை வந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள்? இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கேட்கிறேன். ஒரே வாக்கியத்தில் பதில் வந்தால் அவர் ஒப்புக்கொண்டது உண்மை. "பார்க்கிறேன்", "டிஸ்கஸ் பண்ணிட்டு" என்று வந்தால், அவர் தலையசைத்தது மரியாதைக்காக. நம் ஊரில் தலையசைப்புக்கு ஒப்புதல் என்ற பொருள் மட்டும் இல்லை. 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்றும் பொருள் உண்டு. பெரியவர்கள் முன்னால் அந்த இரண்டாவது பொருளில்தான் அதிகம் தலையசைக்கிறோம்.

இரண்டாவது கேள்வி: இதைச் செய்ய யாருடைய அனுமதி வேண்டும்? அதற்குத்தான் அன்று யாரும் யோசித்திராத ஒன்று வெளிவந்தது. தனிநபருக்குப் பதிலாக ஒரு கிட்ஹப் குழுவைப் பொறுப்பாளராக்க வேண்டுமானால் அந்தக் குழுவை உருவாக்கி, நிரல் இருக்கும் ரெப்போவில் எழுதும் உரிமை தர வேண்டும். அது எங்கள் டெவலப்பர்களின் கையில் இல்லை, நிறுவனத்தின் நிர்வாகியிடம் டிக்கெட் போட வேண்டும். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் அடுத்த ரெட்ரோவில் "அனுமதிக்குக் காத்திருக்கிறேன்" என்ற வாக்கியத்தைக் கேட்டிருப்போம். டிக்கெட்டை அறையிலிருந்தே போட்டோம். அனுமதி வர நான்கு நாள் ஆனது. பிறகு கோப்பு இப்படி மாறியது.

```
*    @our-org/payments-reviewers
```

குழுவைப் பொறுப்பாளராக்கினால் அதில் உள்ள யாராவது ஒருவரின் ஒப்புதல் போதும். ஆனால் அதோடு நிறுத்தினால், எல்லோருக்கும் அறிவிப்புப் போய், யாரோ ஒருவர் பார்ப்பார் என்று எல்லோரும் இருந்துவிடும் ஆபத்து உண்டு. கிட்ஹப்பில் குழுவின் அமைப்புகளில், வரும் ரிவ்யூக்களை உறுப்பினர்களுக்கு முறை வைத்துப் பகிர்ந்துதரும் வசதி இருக்கிறது. அதை இயக்கி, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஒருவர் பெயர் விழும்படி செய்தோம்.

இந்த வேலையை ரெட்ரோ குறிப்பில் வைக்காமல், ஜிராவில் மற்ற ஸ்டோரிகளோடு ஒரு கார்டாகவே போட்டோம். தலைப்பு, பெயர், எப்போது முடிந்ததாகக் கொள்வோம் என்ற ஒரு வரி: 'மூத்தவரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு புல் ரிக்வெஸ்ட் இணைந்திருக்க வேண்டும்.' அதற்கு ஆறு மணி நேரம் மதிப்பிட்டு, ஸ்பிரின்டுக்கான மொத்த நேரத்திலிருந்து கழித்தோம். இங்கே புராடக்ட் ஓனர் தயங்கினார். வாடிக்கையாளர் வேலைக்கான நேரத்தில் இதை எப்படி எடுப்பது என்று கேட்டார். 2017ஆம் ஆண்டு ஸ்க்ரம் கையேடு, ரெட்ரோவில் கண்ட முக்கியமான மேம்பாடு ஒன்றாவது அடுத்த ஸ்பிரின்டின் வேலைப் பட்டியலான ஸ்பிரின்ட் பேக்லாகில் இருக்க வேண்டும் என்றது. 2020 பதிப்பு அதைத் தளர்த்தி, சேர்க்கலாம் என்று மட்டும் சொல்கிறது. எங்களைப் போன்ற குழுவுக்குப் பழைய கண்டிப்பே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அவரை ஏற்கவைத்தது கையேடு இல்லை. முடியாமல் தள்ளிப்போன நான்கு ஸ்டோரிகள்தான். வாடிக்கையாளருக்கு அந்த நான்குக்கும் பதில் சொல்லவேண்டியவர் அவர்.

கார்டு போர்டில் இருப்பதால், தினசரி ஸ்டாண்ட்அப் கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் தனியே நினைவுபடுத்த வேண்டியதில்லை. மற்ற கார்டுகளைப் போல அதுவும் நகர்கிறதா, நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனாலும் மூன்றாவது நாளில் நான் தனியாக ஒருமுறை கேட்பேன். மூன்று நாளில் ஒரு கார்டு முதல் நிலையிலேயே கிடந்தால், அது பெரும்பாலும் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒருவரின் அனுமதி மறந்துபோயிருக்கிறது. இரண்டையும் அப்போது சரிசெய்ய முடியும். பத்தாவது நாளில் முடியாது. பழையவை எதுவும் மறைந்துகிடக்காமல் இருக்க, ரெட்ரோ கார்டுகளுக்கெல்லாம் ஒரே லேபிள் வைத்து, ஜிராவில் இந்தத் தேடலைச் சேமித்துவைத்திருக்கிறோம்.

```
labels = retro AND statusCategory != Done ORDER BY created ASC
```

ஒவ்வொரு ரெட்ரோவும் இந்தப் பட்டியலைத் திறப்பதில்தான் தொடங்குகிறது. அதில் இரண்டுக்கு மேல் இருந்தால் அன்று புதிய தீர்மானம் எடுப்பதில்லை. இருப்பதை முடிப்பதா, கைவிடுவதா என்பதை மட்டும் பேசுகிறோம்.

விளைவைப் பெரிதாக்கிச் சொல்ல விரும்பவில்லை. கடைசி இரண்டு நாளில் டெஸ்டிங்குக்கு வரும் ஸ்டோரிகள் ஒன்பதிலிருந்து அடுத்த ஸ்பிரின்டில் ஆறாகவும், அதற்கடுத்ததில் நான்காகவும் குறைந்தன. அதற்குக் கீழே போகவில்லை. ரிவ்யூ தடை நீங்கிய பிறகுதான், சில ஸ்டோரிகளே ஒரு ஸ்பிரின்டுக்குப் பெரியவை என்பது தெரிந்தது. அது வேறு தீர்மானம், வேறு ரெட்ரோ.

தவறியவையும் உண்டு. ரிவ்யூ நிலையில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கார்டு இருக்கக் கூடாது என்று ஜிரா போர்டில் வரம்பு வைத்தோம். வரம்பை மீறினால் அந்தப் பத்தி சிவப்பாகும், அவ்வளவுதான். கார்டைப் போடுவதை அது தடுக்காது. இரண்டே வாரத்தில் சிவப்பு எல்லோர் கண்ணுக்கும் பழகிவிட்டது. வரம்பு மீறினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை என்பதே காரணம். பிறகு, சிவப்பாக இருக்கும்போது புதிய கார்டு எடுப்பவர் முதலில் ஒரு ரிவ்யூவை முடிக்க வேண்டும் என்று சேர்த்தபோதுதான் அது உயிர்பெற்றது.

இன்னொரு தவறு என்னுடையது. தொடர்ந்து மூன்று தீர்மானங்களை அந்த இளைஞரே எடுத்துக்கொண்டார்; நன்றாகவும் முடித்தார். நான் மகிழ்ந்தேன். நான்காவது ரெட்ரோவில், மற்றவர்கள் அட்டை எழுதும் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் கவனித்தேன். யார் எழுதினாலும் செய்யப்போவது அவர்தான் என்றாகிவிட்டால், எழுதுவது அவருக்குச் சுமை ஏற்றுவதாகிறது; நல்ல மனம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். அன்றிலிருந்து, ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தீர்மானங்களுக்குப் பொறுப்பேற்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

குழுவின் கையில் இல்லாத காரணங்களுக்கு என்ன செய்வது என்பதும் சிக்கலாகவே இருந்தது. சோதனைச் சர்வர் வாரத்துக்கு இரண்டு முறையாவது நின்றுபோகும். அதை நடத்துவது வாடிக்கையாளரின் ஊரில் இருக்கும் வேறொரு குழு. "சர்வரைச் சரிசெய்யச் சொல்லி மெயில் அனுப்புவது" என்று தீர்மானம் எடுத்தால், மெயில் அனுப்பியதும் கார்டு முடிந்துவிடும், சர்வர் அப்படியே இருக்கும். ஆகவே ஒரு டெஸ்டர், ஒரு ஸ்பிரின்ட் முழுக்க, சர்வர் நின்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் ஒரு ஷீட்டில் குறித்தார். இரண்டு வாரத்தில் பதினொரு மணி நேரம். அந்த ஷீட்டோடு புராடக்ட் ஓனர் எழுதினார். கார்டு முடிவதற்கான வரியை 'மெயில் அனுப்புவது' என்று வைக்காமல் 'எந்தத் தேதிக்குள் என்ற பதில் வருவது' என்று வைத்தோம். பதில் வர மூன்று வாரம் ஆனது. கார்டும் மூன்று வாரம் போர்டில் திறந்தே இருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியிருந்த நான்கு பேரின் தெருக்களில் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அந்த ஸ்பிரின்டின் ரெட்ரோ தீர்மானம் நடக்கவில்லை. அடுத்த ரெட்ரோவில் பட்டியலைத் திறந்தபோது, அதை அப்படியே அடுத்த ஸ்பிரின்டுக்கு இழுத்துக்கொண்டு போவதா என்று கேட்டேன். அதை எழுதியவரான மூத்த டெஸ்டர் சற்று யோசித்துவிட்டு, "இப்ப அது தேவையில்ல மேடம். அத விடப் பெருசா ஒன்னு இருக்கு" என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை. அவரே எழுந்து போய், கோட்டில் ஆறாம் நாளுக்கு மேலே ஓர் அட்டையை ஒட்டினார்: வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது சோதனைச் சர்வரைத் தொட அவர் ஒருவரின் லேப்டாப்பில் மட்டும்தான் விபிஎன் அமைப்பு சரியாக இருக்கிறது, அவர் வீட்டில் கரண்ட் போனால் யாராலும் சோதிக்க முடியாது. நாளைக் காலை முதலில் எதைத் திறப்பீர்கள் என்று கேட்க நான் வாயெடுப்பதற்குள், விஜயவாடாக்காரர் தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.